நடுவில் நிற்பவரின் சம்பளம்

(கோவையில் சிறுதொழில் கூடங்களின் கணக்கெழுதுவோர் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு லேத் பட்டறையில் நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறேன். பம்ப்செட்டுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் பட்டறை அது. முதலாளியையும் சேர்த்துப் பதினைந்து பேர். பிரைவேட் லிமிடெட்டாகப் பதிவு செய்த நிறுவனம் என்பதால் முதலாளியும் இயக்குநர் என்ற முறையில் மாதச் சம்பளம் எடுத்துக்கொள்கிறார். ஊரும் ஆளும் தெரியாதிருக்க எண்களைக் கொஞ்சம் மாற்றித்தான் சொல்கிறேன். கணக்கின் உருவம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்த வருடம் வங்கிக் கடனுக்காக நாலு பக்கத்தில் ஒரு சிறிய ஆண்டறிக்கை தயாரித்தார்கள். அதில் ஒரு வரி: “எங்கள் நிறுவனத்தில் சராசரி மாதச் சம்பளம் ரூ. 40,000.” முதலாளிக்கு அந்த வரி பிடித்துப்போயிற்று. அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு நகல் எடுத்து, வருகைப் பதிவேட்டுக்கு மேலே அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து நான் கணக்கு பார்க்கப் போயிருந்தபோது, லேத் ஓட்டுகிறவர் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டே என் மேசைப் பக்கம் வந்தார். பத்து வருடத்துக்கு மேல் அங்கேயே இருப்பவர்.

“ஏனுங்க சார், சராசரி நாப்பதாயிரம்னு ஒட்டியிருக்குதுங்க. எனக்குப் பதினெட்டுதானுங்க வருது. மீதி எங்கீங்க போகுது? பி.எஃப்.ல பிடிக்கறாங்களா?”

அவர் சண்டைக்கு வரவில்லை. உண்மையாகவே கேட்டார். தன் பெயரில் 40,000 எழுதி, எங்கேயோ 22,000 பிடித்தம் செய்கிறார்கள் என்று இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த நினைப்போடு ஒரு மனிதர் இரண்டு நாள் லேத்தில் நின்றிருக்கிறார் என்பது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. ஏனென்றால் அந்தக் கூட்டலையும் வகுத்தலையும் சரிபார்த்தவன் நான்தான். கணக்கில் ஒரு ரூபாய்கூடப் பிழை இல்லை.

அந்தப் பதினைந்து சம்பளங்களையும் கீழிருந்து மேலாகச் சொல்கிறேன். ஹெல்பர்களும் பேக்கிங் ஆட்களும் ஐந்து பேர்: 12,000, 12,500, 13,000, 13,500, 14,000. லேத், டிரில்லிங் ஓட்டுகிற ஐந்து பேர்: 16,000, 17,000, 18,000, 19,000, 20,000. பிறகு கணக்கர் 22,000, தரம் பார்ப்பவர் 24,000, சூப்பர்வைசர் 29,000. உற்பத்தி மேலாளர் 60,000. கடைசியாக இயக்குநர் 3,10,000. எல்லாவற்றையும் கூட்டினால் 6 லட்சம். பதினைந்தால் வகுத்தால் 40,000.

இப்போது அந்த வரிசையைப் பாருங்கள். 40,000 வாங்குகிறவர் யாரும் இல்லை. அதற்குப் பக்கத்தில்கூட யாரும் இல்லை. அதற்கு மேலே இரண்டே பேர், கீழே பதின்மூன்று பேர்.

இது ஏன் இப்படி ஆகிறது என்று விளங்க, வெள்ளிக்கோலை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய சந்தைகளில் தட்டு இல்லாமல், ஒரு நீண்ட கோலை வைத்து நிறுப்பார்களே, அதுதான். பிடி ஓரமாக இருக்கும். ஒரு பக்கத்தில் பெரிய மூட்டை பிடியை ஒட்டித் தொங்கும்; மறுபக்கத்தில் சின்னப் படிக்கல்லைத் தள்ளித் தள்ளி வைத்தால் கோல் நேராக நிற்கும். கல் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு இழுக்கும். சராசரி என்பது அந்தப் பிடி இருக்கும் இடம். நம் பட்டறையில் இயக்குநர் பிடியிலிருந்து 2,70,000 தூரத்தில் நிற்கிறார், மேலாளர் 20,000 தூரத்தில். சேர்த்தால் 2,90,000. மறுபக்கத்தில் பதின்மூன்று பேருக்கும் 40,000 ஆக எவ்வளவு குறைகிறது என்று ஒவ்வொன்றாகக் கூட்டிப் பாருங்கள். சரியாக 2,90,000 வரும். அதாவது தூரத்தில் நிற்கும் ஒருவரைச் சமன்செய்யப் பிடியே அவர் பக்கமாக நகர்ந்து போய்விட்டது. ஆட்கள் அனைவரும் மறுபக்கத்தில் நெருக்கியடித்து நிற்கிறார்கள்.

சம்பளக் கணக்கில் இது அபூர்வமாக நடப்பது இல்லை. சம்பளத்துக்குக் கீழே ஒரு தரை உண்டு. பூஜ்யத்துக்குக் கீழே யாருக்கும் கொடுக்க முடியாது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுக்கக் கூடாது. மேலே கூரை கிடையாது. அதனால் வரிசையின் வால் பெரும்பாலும் மேல்பக்கமாகத்தான் நீளும். புள்ளியியல் பாடத்தில் இதை வலப்பக்கக் கோட்டம் என்பார்கள். பெரிய நிறுவனத்தில் அந்த வால் ஆயிரம் பேரில் கரைந்து ஓரளவு மெலியும். பதினைந்து பேர் உள்ள இடத்தில் ஒரே ஆள்தான் வால், அந்த ஒரே ஆள் மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல்.

இன்னொரு வழி, வரிசையில் நடுவில் நிற்பவரைக் கேட்பது. பதினைந்து பேரில் நடுவில் நிற்பவர் எட்டாமவர். அவருக்குக் கீழே ஏழு பேர், மேலே ஏழு பேர். அவர் சம்பளம் 18,000. நம் பள்ளிப் புத்தகத்தில் இதை இடைநிலை அளவு என்று படித்திருப்பீர்கள். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இடையம் என்பார்கள். சுருக்கமான நல்ல சொல். இன்றைய பேச்சுக்கு அதையே எடுத்துக்கொள்கிறேன்.

இயக்குநரை வரிசையிலிருந்து எடுத்துவிட்டுப் பார்ப்போம். பதினாலு பேர் மிச்சம். சராசரி 40,000-இலிருந்து 20,714-க்கு விழுகிறது, ஏறக்குறையப் பாதி. இடையம் 18,000-இலிருந்து 17,500 ஆகிறது. இரட்டைப்படை எண்ணிக்கை என்பதால் நடுவில் உள்ள இருவரின், அதாவது 17,000-க்கும் 18,000-க்கும், சரிபாதியை எடுத்துக்கொள்கிறோம். ஒரே ஒருவர் உள்ளே வருவதாலோ வெளியே போவதாலோ பாதியாகிவிடும் ஓர் எண், மற்ற பதினாலு பேரைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்?

ஆகவே இடையத்தைப் போடு, சராசரியைத் தூக்கி எறி என்று சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம். பல பேர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது தவறு என்பது என் உறுதியான எண்ணம். அடுத்த அரைமணி நேரமும் அதற்காகத்தான்.

சராசரி ரூபாயை எண்ணுகிறது, இடையம் ஆளை எண்ணுகிறது. சராசரியை ஆள் எண்ணிக்கையால் பெருக்கினால் மொத்தப் பணம் திரும்பக் கிடைக்கும்: 40,000 பெருக்கல் 15, ஆறு லட்சம். இடையத்தை அப்படிப் பெருக்கினால் 2,70,000 வரும். அது எதனுடைய மொத்தமும் இல்லை. வங்கி மேலாளர் மாதாமாதம் சம்பளத்துக்கு எவ்வளவு போகிறது என்று கேட்கும்போது அந்த 2,70,000-ஐ நம்பி யாராவது நடப்பு மூலதனக் கணக்குப் போட்டால், முதல் மாதக் கடைசியிலேயே கையில் காசு இருக்காது. செலவு பற்றிய கேள்விக்கு மொத்தமும் சராசரியும்தான் பதில். இங்கே வாங்குகிற ஆளுக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்விக்கு இடையம் பதில். நம் பட்டறையில் நடந்த தப்பு கணக்கில் இல்லை. வங்கிக்கான பதிலைக் கொண்டுபோய்த் தொழிலாளி கேட்கும் கேள்விக்கு எதிரே ஒட்டிவிட்டோம்.

செலவுக் கேள்வியிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. அந்த வருடமே முதலாளி இன்னும் ஐந்து லேத் ஆட்களை எடுப்பதாக இருந்தார். விரிவாக்கத் திட்டத்தில் சம்பளச் செலவு கூடுதலாக மாதம் 2 லட்சம் என்று எழுதியிருந்தார்கள். எப்படி? சராசரி 40,000, ஐந்து பேர். ஆனால் வரப்போவது இன்னோர் இயக்குநரின் மூன்றில் ஒரு பங்கு கிடையாதே. வரப்போவது லேத் ஓட்டுகிற ஐந்து பேர். லேத், டிரில்லிங் பிரிவை மட்டும் எடுத்துப் பாருங்கள்: 16, 17, 18, 19, 20 ஆயிரம். சராசரி 18,000, இடையமும் 18,000. ஐந்து பேருக்கு 90,000, அதன்மேல் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. நிறுவனப் பங்கு. புதிதாக வருகிறவர்கள் கீழ்ப்படியில் தொடங்கினால் 80,000. இரண்டு லட்சம் என்று போட்டுத் திட்டமே கட்டுப்படியாகாது என்று கைவிட்டிருப்பார்கள்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? ஒரே வேலை செய்கிறவர்களைத் தனியாகப் பிரித்தவுடன் சராசரியும் இடையமும் ஒன்றாகிவிட்டன. கோட்டம் போய்விட்டது. இரண்டு எண்ணுக்கும் இடையே பெரிய இடைவெளி தெரிந்தால், எதைப் போடலாம் என்று தலையைச் சொறிவதற்கு முன்னால், ஒன்றாகப் போட்டுக் கலக்கக் கூடாதவர்களைக் கலந்துவிட்டோமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

இனி வருடத்துக்கு வருடம் ஒப்பிடும் வேலைக்கு வருகிறேன். அறிக்கையில் ஏமாற்றம் அதிகம் நடப்பது இங்கேதான், அதுவும் யாரும் ஏமாற்ற நினைக்காமலேயே.

அடுத்த வருடம் இயக்குநர் தன் சம்பளத்தை 60,000 கூட்டி 3,70,000 ஆக்கிக்கொள்கிறார் என்று வையுங்கள். மற்ற பதினாலு பேருக்கும் ஒரு பைசா ஏறவில்லை. மொத்தம் 6,60,000. சராசரி 44,000. “சராசரிச் சம்பளம் 10 சதவீதம் உயர்ந்தது” என்று அறிக்கையில் எழுதலாம். அது பொய் இல்லை. ஆனால் அதைப் படிக்கிற பதினாலு பேரில் ஒருவருக்கும் அது உண்மை இல்லை. இடையமோ 18,000-இலேயே நிற்கும், நடந்ததை நேர்மையாகச் சொல்லும்.

இப்போது வேறு மாதிரி வையுங்கள். இயக்குநர் தன் சம்பளத்தைத் தொடவில்லை. கீழே உள்ள ஐந்து பேருக்கும் ஆளுக்கு 2,000 ஏற்றிக் கொடுக்கிறார். 12,000 வாங்கியவருக்கு 14,000. அந்த வீட்டில் அது பெரிய விஷயம். வாடகையோ, பிள்ளையின் பள்ளிக் கட்டணமோ. இடையம் என்ன ஆகிறது? 18,000. அசையவே இல்லை. எட்டாமவர் அதே எட்டாம் இடத்தில் அதே சம்பளத்தோடு நிற்கிறார். அவருக்குக் கீழே நடந்த நல்லது அவர் கண்ணுக்குத் தெரியாது. சராசரி 667 ரூபாய் ஏறுகிறது. இங்கே கொஞ்சமாவது பேசியது சராசரிதான். மேலே ஒருவர் தனக்கே அள்ளிக்கொண்டால் இடையம் ஏமாறுவதில்லை என்று மெச்சுகிறோம். கீழே ஐந்து பேருக்குக் கொடுத்தாலும் அதே உறுதியோடு அது பேசாமல் இருக்கும் என்பதையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது ஒன்று. யாருக்கும் சம்பளம் ஏறவும் இல்லை, குறையவும் இல்லை. ஆர்டர் கூடியதால் 12,000 சம்பளத்தில் மூன்று ஹெல்பர்களை எடுக்கிறார்கள். பதினெட்டுப் பேர். நடுவில் இப்போது ஒன்பதாமவரும் பத்தாமவரும்: 16,000, 17,000. இடையம் 16,500. போன வருடம் 18,000, இந்த வருடம் 16,500 என்று அறிக்கையில் வந்தால் படிக்கிறவர் என்ன நினைப்பார்? சம்பளத்தை வெட்டிவிட்டார்கள் என்றுதானே? மூன்று பேருக்குப் புதிதாக வேலை கிடைத்ததன் விளைவு அது.

இதற்கு மருந்து எளிமையானது, ஆனால் செய்பவர்கள் குறைவு. சம்பள உயர்வைப் பற்றி எழுதுவதானால், இரண்டு வருடமும் இருந்தவர்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் எத்தனை ரூபாய் ஏறியது என்று தனித்தனியாகக் கழித்து, அந்த உயர்வுகளை வரிசைப்படுத்தி அவற்றின் இடையத்தைப் பாருங்கள். முதல் கதையில் பதினாலு பேருக்கு உயர்வு பூஜ்யம், ஒருவருக்கு 60,000. உயர்வுகளின் இடையம் பூஜ்யம். இரண்டாவதில் ஐந்து பேருக்கு 2,000, பத்துப் பேருக்கு பூஜ்யம்; இடையம் இங்கேயும் பூஜ்யம்தான். ஆகவே அதோடு விட்டுவிடாமல் “பதினைந்தில் ஐந்து பேருக்குத் தலா 2,000 உயர்ந்தது” என்று வாயால் சொல்வதைப் போல ஒரு வரி எழுதிவிடுங்கள். பதினைந்து பேர் உள்ள இடத்தில் ஆளை எண்ணிச் சொல்வதைவிடத் தெளிவானது எதுவும் இல்லை. மூன்றாவதில் பழைய பதினைந்து பேரின் உயர்வும் பூஜ்யம், புதியவர் மூவர், நடந்ததும் அதுதான்.

இடையம் அசையாத கல் என்று ஒரு பேச்சு உண்டு. பெரும்பாலும் உண்மை. ஆனால் சின்ன நிறுவனத்தில் அது ஒரே தாவலாகத் தாவுகிற இடமும் உண்டு. ஒரு டிசைன் அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேர். நாலு பேர் உதவியாளர்கள், தலா 15,000. நாலு பேர் மூத்த டிசைனர்கள், தலா 55,000. இடையம் 35,000, சராசரியும் 35,000. இரண்டும் ஒத்துப்போகின்றன, கோட்டம் இல்லை, நல்ல எண் என்று தோன்றும். ஆனால் 35,000 வாங்குகிறவர் அங்கே ஒருவரும் இல்லை. ஒரு மூத்த டிசைனர் வேலையை விட்டுப் போனால் ஏழு பேரில் நாலாமவர் உதவியாளர். இடையம் ஒரே நாளில் 15,000. உதவியாளர் ஒருவர் போயிருந்தால் 55,000. சராசரியோ இந்த இடத்தில் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சத்துக்கோ முப்பத்தேழாயிரத்துச் சொச்சத்துக்கோ மெல்ல நகரும். வரிசையின் நடுவில் ஆட்கள் நெருக்கமாக நின்றால்தான் இடையம் உறுதியானது. நடுவில் பள்ளம் இருந்தால் அது பள்ளத்தின் விளிம்பில் நிற்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரே எண்ணைத் தேடுவதை விட்டுவிட்டு இரண்டு கூட்டத்துக்கும் தனித்தனி எண் கொடுப்பதே சரி.

சரி, நம் மேசைக்கு வருவோம். எக்செல் தாளில் B2 முதல் B16 வரை சம்பளம் இருக்கிறது. நான் எப்போதும் நாலு வரி போட்டுப் பார்ப்பேன். பலகையில் எழுதுகிறேன்.

```
=COUNT(B2:B16)
=AVERAGE(B2:B16)
=MEDIAN(B2:B16)
=COUNTIF(B2:B16,">"&AVERAGE(B2:B16))
```

முதல் வரி 15 என்று காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் மேற்கொண்டு போகாதீர்கள். சம்பள மென்பொருளிலிருந்து எடுத்து ஒட்டும்போது சில எண்கள் எழுத்தாக வந்து உட்கார்ந்துவிடும். கண்ணுக்கு எண் போலவே தெரியும். எக்செல் அவற்றைச் சேர்க்காமல் கணக்குப் போடும், விடையில் எச்சரிக்கை எதுவும் தெரியாது. இயக்குநரின் வரி அப்படி வந்துவிட்டால் 40,000 சத்தமில்லாமல் 20,714 ஆகிவிடும். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், ஏனென்றால் அது நம்பும்படியான எண்.

இதற்கு நேர்மாறானது பூஜ்யம். சம்பளமில்லாத நீண்ட விடுப்பில் இருக்கும் ஒருவர் பெயருக்கு எதிரே 0 என்று போட்டால் எக்செல் அதை ஒரு சம்பளமாகவே எடுத்துக்கொள்ளும். பட்டியலில் அப்படிப் பதினாறாவது பெயர் ஒன்று இருந்தால் சராசரி 37,500, இடையம் 17,500. கட்டத்தைக் காலியாக விட்டால் அவரைக் கணக்கில் எடுக்காது. மாத நடுவில் சேர்ந்தவருக்கும், லாஸ் ஆஃப் பே ஆனவருக்கும், அரைநாள் ஆளுக்கும் இதே கவனம் வேண்டும்: அந்த மாதம் கைக்கு வந்த தொகையைப் போடாதீர்கள், முழு மாதத்துக்கான சம்பள விகிதத்தைப் போடுங்கள். எல்லோருக்கும் ஒரே வகைத் தொகையாக இருக்கட்டும். ஒருவருக்குப் பிடித்தத்துக்கு முந்தைய சம்பளம், இன்னொருவருக்குக் கைக்கு வருவது, மேலாளருக்கு சி.டி.சி. என்று கலந்தால் இடையமும் காப்பாற்றாது, சராசரியும் காப்பாற்றாது. தனி உடைமை நிறுவனமாக இருந்தால் முதலாளி எடுத்துக்கொள்வது சம்பளமே அல்ல, சொந்த எடுப்பு. அது பட்டியலுக்குள் வரவே கூடாது.

நாலாவது வரிதான் எனக்கு மிகவும் பிடித்தது. சராசரிக்கு மேல் எத்தனை பேர் என்று அது சொல்லும். நம் பட்டறையில் 2. கோட்டத்தை அளக்கச் சூத்திரங்கள் உண்டு. பதினைந்து பேருக்கு அவை வேண்டியதில்லை. சராசரிக்கு மேலே ஏறக்குறையப் பாதிப் பேர் நின்று, நடுவில் பள்ளமும் இல்லை என்றால் எந்த எண்ணைப் போட்டாலும் பெரிய தீங்கு இல்லை. மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக நின்றால் சராசரியைத் தனியாக அச்சிடாதீர்கள். இது சட்டம் அல்ல, என் கைவழக்கம்.

சட்டம் என்று சொன்னதால் ஒன்று. 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 197(12) பிரிவு, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் ஒவ்வொரு இயக்குநரின் ஊதியமும் ஊழியர்களின் இடைய ஊதியத்தைப்போல் எத்தனை மடங்கு என்று வெளியிட வேண்டும் என்கிறது. அதற்கான 2014-ஆம் ஆண்டு விதிகளில் இடையம் என்றால் என்ன, இரட்டைப்படையாக இருந்தால் நடுவில் உள்ள இரண்டின் சராசரியை எடுக்க வேண்டும் என்பதுவரை எழுதி வைத்திருக்கிறார்கள். ஒப்பிடச் சராசரியை வைத்திருந்தால், மேலே உள்ளவர்களின் ஊதியமே சராசரியை ஏற்றி, மடங்கைச் சிறிதாகக் காட்டியிருக்கும். நம் பட்டறையில் இயக்குநர் சராசரியைப்போல் எட்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. இடையத்தைப்போல் பதினேழு மடங்குக்கு மேல். பிரிட்டனில் 2017 முதல், 250 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள் ஆண் பெண் ஊதிய இடைவெளியைச் சராசரியிலும் இடையத்திலும், இரண்டிலுமே, வெளியிட வேண்டும். உச்சியில் இருக்கும் சில பதவிகளில் யார் என்பதைச் சராசரி காட்டிக்கொடுக்கும். நடுவில் நிற்கும் பெண்ணுக்கும் நடுவில் நிற்கும் ஆணுக்கும் என்ன வித்தியாசம் என்பதை இடையம் காட்டும். நம்மைப் போன்ற சிறு பிரைவேட் லிமிடெட்டுகளை இவை எதுவும் கட்டுப்படுத்தாது. ஆனால் அந்த விதிகளை எழுதியவர்கள் எதற்காக எந்த எண்ணை எடுத்தார்கள் என்பதைப் பார்த்து நாமும் கற்றுக்கொள்ளலாம்.

பட்டறைக் கதையை முடித்துவிடுகிறேன். அன்றைக்கு அந்த லேத்காரரை உட்காரவைத்து, தாளில் பதினைந்து கோடு போட்டு விளக்கினேன். உங்களிடமிருந்து யாரும் எதையும் பிடிக்கவில்லை, நாங்கள்தான் உங்களுக்குப் பொருந்தாத எண்ணை ஒட்டிவிட்டோம் என்று சொன்னேன். முதலாளியிடமும் பேசினேன். அவர் கெட்ட மனிதர் அல்ல. பதினாலு பேருக்கும் அது எப்படிப் படும் என்று யோசிக்கவில்லை, அவ்வளவுதான். பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒட்டினோம்: “நடுநிலைச் சம்பளம் ரூ. 18,000. பாதிப் பேர் இதற்கு மேல், பாதிப் பேர் இதற்குக் கீழ்.”

மறுநாள் காலையில் அதே மனிதர் வந்தார்.

“சார், இது சரியான கணக்குங்க. ஆனா பதினெட்டுன்னா அது நானுங்களே. எல்லாரும் என்னையப் பாக்கறாங்க. பத்தொம்பது வாங்கறேன்னு மச்சான்கிட்டச் சொல்லி வெச்சிருந்தேனுங்க.”

எனக்கு உறைத்தது. ஒற்றைப்படை எண்ணிக்கையில் இடையம் என்பது கணக்கிட்டு வந்த எண் அல்ல, அது யாரோ ஒருவரின் சம்பளச் சீட்டு. ஆயிரம் பேரில் அது யார் என்று தெரியாது. பதினைந்து பேரில் டீ குடிக்கிற நேரத்தில் தெரிந்துவிடும். சராசரியிலும் இதே ஆபத்து வேறு வழியில் வரும். “எல்லோரையும் சேர்த்தால் 40,000, இயக்குநர் நீங்கலாக 20,714” என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டுப் பாருங்கள். முன்னதைப் பதினைந்தால் பெருக்கி, பின்னதைப் பதினாலால் பெருக்கிக் கழித்தால் இயக்குநரின் சம்பளம் நாலு ரூபாய் வித்தியாசத்தில் வந்துவிடும். மேலாளருக்கு இப்படிச் செய்துவிட்டால் அவர் என்றைக்கும் மன்னிக்க மாட்டார்.

ஆகவே வங்கிக்கு ஒரு தாள், பலகைக்கு ஒரு தாள் என்று பிரித்தோம். வங்கிக்குப் போனதில் மொத்தச் சம்பளச் செலவு, ஆள் எண்ணிக்கை, சராசரி, பிரிவுவாரியான விவரம். பலகைக்கு மொத்தமும் சராசரியும் போகவில்லை. இயக்குநரை விலக்கினோம், விலக்கியதை அந்தத் தாளிலேயே எழுதினோம், ஏனென்றால் சொல்லாமல் விலக்கினால் அது மறைத்தல். பதினாலு பேர் ஆனதால் இடையம் இருவருக்கு நடுவே விழுந்து, யாருடைய சம்பளமாகவும் இல்லாமல் போனது. ஐந்து பேருக்குக் குறைவான எந்தப் பிரிவுக்கும் தனி எண் போடவில்லை. ஒற்றை எண்ணோடு நிற்காமல், நடுவில் நிற்கும் ஏழு பேர் எந்த எல்லைக்குள் வாங்குகிறார்கள் என்பதையும் சேர்த்தோம். அதற்கு, கீழ் நாலில் ஒரு பங்கையும் மேல் நாலில் ஒரு பங்கையும் ஒதுக்கிவிட்டு, கிடைத்த எல்லைகளை ஐந்நூறுக்கு முழுமைப்படுத்தினால் போதும்.

ஒட்டுவதற்கு முன் அந்த லேத்காரரிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னேன். மெதுவாக, வாய்விட்டுப் படித்தார்:

“இயக்குநர் நீங்கலாக இங்கே 14 பேர் வேலை செய்கிறோம். ஏழு பேரின் மாதச் சம்பளம் ரூ. 17,500-க்கு மேல், ஏழு பேருக்கு அதற்குக் கீழ். நடுவில் உள்ள ஏழு பேர் ரூ. 13,500 முதல் ரூ. 21,500 வரை வாங்குகிறார்கள். இவை பிடித்தங்களுக்கு முந்தைய தொகைகள்.”

கடைசி வரி அவர் கேட்டுச் சேர்த்தது.